கெல்லி ஃபார்முலா 17.5 சதவீதம்னு சொல்லுது, ஆர்டர் ரிஜெக்ட் ஆகுது, எங்க தப்பு?

மாரண்டஹள்ளி மணி

வணக்கம் எல்லாருக்கும். சின்னதா ஒரு பைத்தான் ரொட்டீன் எழுதி வெச்சிருக்கேன், மார்க்கெட் முடிஞ்சப்பறம் சாயந்திரம் ஓட்டுவேன், நாளைக்கு எந்த ஷேர், எந்த விலை, ஸ்டாப் லாஸ் எங்க, எத்தனை எண்ணிக்கைன்னு நாலு காலம் எழுதிக் குடுக்கும். காலைல நான் கையாலதான் ஆர்டர் போடுவேன். கேஷ்ல ஸ்விங் மட்டும்தான், ரெண்டு நாள்ல இருந்து மூணு வாரம் வரைக்கும் வெச்சிருப்பேன். இத்தனை நாளா எண்ணிக்கையை குத்துமதிப்பா போட்டுட்டு இருந்தேன், போன வாரம்தான் ஒரு டிரேடுக்கு எவ்ளோ பணம் வைக்கலாம்னு சொல்ற கெல்லி ஃபார்முலா படிச்சுட்டு அதையே உள்ள ஏத்திட்டேன்.

இதுவரைக்கும் 80 டிரேட். 44 ஜெயிச்சது, 36 தோத்தது. ஜெயிச்சா சராசரியா ரிஸ்க்ல 1.2 மடங்கு வருது, தோத்தா 1 மடங்கு போகுது. p ஜெயிக்கற வாய்ப்பு, b ஜெயிச்சா வர்ற மடங்கு, அப்போ

```
f = p - (1-p)/b
f = 0.55 - 0.45/1.2 = 0.175
```

முதல் 1 லட்சம். அதுல 17.5 சதவீதம்னா 17,500. நேத்து ஒரு ஷேர் 412ல வாங்கி 404ல ஸ்டாப்னு வந்துச்சு, ரொட்டீன் 2187 ஷேர்னு எழுதிடுச்சு. நானும் யோசிக்காம அப்படியே அடிச்சேன், மார்ஜின் பத்தலைன்னு ரிஜெக்ட். பெருக்கிப் பாத்தா 9 லட்சம் சொச்சம்! என் அக்கவுண்ட்ல இருக்கறதே 1 லட்சம்தான். 17,500க்கு ஷேர் வாங்கணுமா, இல்ல 17,500 போனாலும் பரவால்லன்னு வாங்கணுமா? கோட் தப்பா, நான் தப்பா?

ஊத்தங்கரை காளை

ப்ரோ கோட் கரெக்ட்தான், உங்க அக்கவுண்ட்தான் சின்னது 😀 f-ன்னா ஸ்டாப் அடிச்சா போற காசு, வாங்கற காசு இல்ல. 8 ரூபா ரிஸ்க், 17,500 / 8 = 2187, சரியாதான் வந்திருக்கு. ஃபியூச்சர்ஸ் பக்கம் வாங்க, லீவரேஜ் கிடைக்கும். கெல்லிங்கறது நிரூபிச்ச விஷயம், ரொம்ப நாள் ஓட்டினா இதைவிட வேகமா பணத்தை வளக்கற சைஸ் வேற எதுவுமே கிடையாது. பாதி கெல்லி கால் கெல்லின்னு சொல்றவங்க பயந்தாங்கொள்ளிங்க, கைல வர்ற காசை மேசை மேலயே விட்டுட்டு எந்திரிச்சு போறாங்க.

ஓசூர் நைட் ஷிப்ட்

எந்த ஷேர் ணா அது 412?

பழைய டெர்மினல்

மணி, ஆர்டர் ரிஜெக்ட் ஆனது உங்க நல்ல நேரம்.

காளை சொன்னதுல முதல் பாதி சரி. f-ங்கறது ஸ்டாப் அடிச்சா உங்க மொத்தப் பணத்துல எத்தனை சதவீதம் போகும்ங்கறது. "இதைவிட வேகமா வளக்கறது இல்ல"ங்கறதும் சரிதான், ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு, அதை மட்டும் காளை சொல்லாம விட்டுட்டார். p, b ரெண்டும் உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சிருக்கணும். ஜான் கெல்லி பெல் லேப்ஸ்ல இருந்தவர், 1956ல டெலிபோன் லைன்ல சத்தத்துக்கு நடுவுல எவ்ளோ தகவல் போகும்ங்கற கணக்கோட சேத்துதான் இதை எழுதினார். அப்புறம் எட் தோர்ப் இதை பிளாக்ஜாக்ல போட்டு ஆடினார். தோர்ப்புக்கு கட்டுல எந்த சீட்டு போயிடுச்சு எது மிச்சம்னு எண்ண முடியும், அதனால p என்னன்னு அந்த நிமிஷத்துல கணக்கு போட்டே சொல்லலாம். உங்ககிட்ட சீட்டுக்கட்டு இருக்கா? 80 டிரேட் இருக்கு, அவ்ளோதான்.

80 டிரேட்ல 55 சதவீதம்னு வந்தா நிஜம் 55னு அர்த்தம் இல்ல. இந்த எண்ணிக்கைக்கு ஸ்டாண்டர்ட் எரர் போட்டா

```
sqrt(0.55 * 0.45 / 80) = 0.0556
```

அதாவது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அஞ்சரை சதவீதம் ஆடறது ரொம்ப சாதாரணம். நிஜமான p 49.4 ஆ இருந்தாலும் ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. 0.55ல இருந்து அந்த 0.0556ஐ கழிச்சு ஃபார்முலால போட்டுப் பாருங்க, f எவ்ளோ வருதுன்னு.

மாரண்டஹள்ளி மணி

போட்டேன் ணா. 0.073. அதாவது 7.3 சதவீதம். 17.5 எங்க 7.3 எங்க, பாதிக்கும் கீழ போயிடுச்சு. p அஞ்சரை குறைஞ்சதுக்கா இவ்ளோ?

பழைய டெர்மினல்

ஆமா. ஏன்னா b 1.2 ஆ இருக்கறப்ப வரவுக்கும் செலவுக்கும் சரியா போற இடம் 45.45 சதவீதம். உங்க லாபம் பூரா அதுக்கு மேல இருக்கற ஒன்பதரைல இருந்துதான் வருது. அந்த ஒன்பதரைல அஞ்சரை சந்தேகத்துல இருக்கு. p-ஐ பாத்தா சின்ன ஆட்டமா தெரியும், f-ல பாத்தா பாதிக்கு மேல சாப்ட்டுடும்.

இப்ப முக்கியமான இடம். நிஜத்துல p 49.4, ஆனா நீங்க 55னு நம்பி 17.5 போடறீங்கன்னு வெச்சுக்கங்க. ஒரு டிரேடுக்கு வளர்ச்சி:

```
g = p*ln(1+f*b) + (1-p)*ln(1-f)
```

இதுல போட்டா கழித்தல் 0.0032 வரும். 100 டிரேட் முடிவுல நடுவாந்தர ஆளோட 1 லட்சம் 73,000 ஆயிருக்கும். நல்லா கவனிங்க, சிஸ்டம் லாபத்துல இருக்கற சிஸ்டம்தான், p சரிக்கு சரி கோட்டுக்கு மேலதான் இருக்கு, ஆனாலும் காசு கரையுது. சைஸ் மட்டும்தான் கெடுத்துச்சு. அதே ஆளு பாதி, 8.75 போட்டிருந்தா 1 லட்சம் 1.35 லட்சம். கால், 4.4 சொச்சம் போட்டிருந்தா 1.30 லட்சம்.

அதிர்ஷ்டம் இருந்து p நிஜமாவே 55ன்னா முழு கெல்லிக்கு 6 லட்சத்துக்கு மேல, பாதிக்கு 3.9 லட்சம், காலுக்கு 2.2 லட்சம். காளை சொல்ற "மேசை மேல விட்ட காசு" இதுதான், இல்லன்னு நான் சொல்லல.

ஆனா ரெண்டு பக்கமும் தப்பு ஒரே மாதிரி தண்டிக்காது. கெல்லிக்கு கீழ பாதில நின்னா வளர்ச்சில முக்கால் பங்கு கைக்கு வந்துடும், ஏத்த இறக்கம் பாதியா குறைஞ்சுடும். கெல்லிக்கு மேல ரெண்டு மடங்கு போனா வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம், அதுக்கும் மேல போனா மைனஸ். மேல சொன்ன கதைல 17.5ங்கறது 7.3க்கு 2.4 மடங்கு. எந்தப் பக்கம் தப்பறோம்னு தெரியாதப்ப, தப்பினா கம்மியா அடி விழற பக்கம்தானே சாயணும்.

ராயக்கோட்டை தக்காளி

நான் ஷேர் ஆடறதில்லீங்க, என் மச்சான் லிங்க் அனுப்பினான்னு படிச்சேன். கணக்கு பாதி புரியல, ஆனா கதை எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கு. ஒரு வருஷம் பெட்டி நல்ல விலைக்கு போச்சுன்னு அடுத்த பட்டம் மூணு ஏக்கர்லயும் தக்காளியே வெச்சேன், கேழ்வரகு போடற மேட்டு நிலத்தைக்கூட விடல, சொட்டு நீருக்கு கடன் வேற. மண்டில கொண்டு போய் இறக்கினா வண்டி வாடகைக்குக்கூட வரல, பறிக்கற கூலி மிச்சம்னு செடியோடவே விட்டுட்டேன். அடுத்த பட்டம் விலை ஏறுச்சு, ஆனா எங்கிட்ட நாத்து வாங்கவே காசு இல்ல. அப்பா எப்பவும் ஒரு ஏக்கருக்கு மேல தக்காளி வெக்க மாட்டார், அவர் கெல்லி படிச்சவர் இல்ல 😄

ஊத்தங்கரை காளை

தக்காளி அண்ணா, அது விவசாயம், இது ஸ்டாடிஸ்டிக்ஸ். ஸ்டாப் லாஸ்னு ஒண்ணு இருக்கு இங்க.

பழைய டெர்மினல் அண்ணா, நீங்க கெட்ட பக்கமே பாக்கறீங்க. p 60 ஆ கூட இருக்கலாம்ல? அப்ப 17.5ங்கறதே கம்மி. ரெண்டு பக்கமும் சமமா ஆடுதுன்னா நடுவுல இருக்கறதை எடுக்கறதுதானே முறை? அப்புறம் தப்பா போச்சுன்னு தெரிஞ்சா நிறுத்திக்கலாம்.

காவேரிப்பட்டணம் கணக்கு டீச்சர்

காளை தம்பி கேட்டது நல்ல கேள்வி, சிரிச்சுட்டு விட முடியாது. p-ல பிழை ரெண்டு பக்கமும் சமமா இருக்கலாம், ஆனா அந்தப் பிழை g-க்கு போறப்ப சமமா போறதில்ல, வளைவு கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி. உச்சில இருந்து ரெண்டு பக்கமும் இறங்கும், ஆனா இடது பக்கம் இறங்கி பூஜ்யத்துல நின்னுடும், அதாவது பந்தயமே கட்டலன்னா நஷ்டமும் இல்ல. வலது பக்கம் பாதாளம் வரைக்கும் போகும், f = 1 ஆனா ஒரே தோல்வில எல்லாம் காலி.

இன்னொண்ணு, இவரோட p பிழை ரெண்டு பக்கமும் சமம்ங்கறதே எனக்கு சந்தேகம். மணி, இந்த 80 டிரேடும் நிஜமா பணம் போட்டு செஞ்சதா? இல்ல பழைய டேட்டால ஓட்டிப் பாத்ததா? எத்தனை விதமா மாத்தி மாத்திப் பாத்துட்டு இந்த ரூலை எடுத்தீங்க?

மாரண்டஹள்ளி மணி

டீச்சர், 52 நிஜம், 28 பழைய டேட்டால பாத்தது. ரூல் வந்து... உண்மைய சொன்னா ஒரு பதினஞ்சு இருபது விதம் மாத்திப் பாத்து நல்லா வந்ததை வெச்சுக்கிட்டேன்.

காவேரிப்பட்டணம் கணக்கு டீச்சர்

அதான் கேட்டேன். இருபது பசங்களுக்கு சரியா தப்பா பரீட்சை வெச்சு, ஒண்ணுமே படிக்காதவங்களா இருந்தாலும் முதல் மார்க் எடுத்த பையனைத் தூக்கிட்டு வந்து "இவன் 55 எடுப்பான்"னு சொல்ற மாதிரி. அடுத்த பரீட்சைல கீழ வரத்தான் வாய்ப்பு அதிகம். பிழை உங்களுக்கு சாதகமான பக்கம் ஏற்கனவே சாஞ்சு இருக்கு.

பழைய டெர்மினல்

டீச்சர் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா காளை "தப்பா போச்சுன்னா நிறுத்திக்கலாம்"னு சொன்னதை விட முடியாது.

p நிஜமாவே 55ன்னு வெச்சுக்குவோம், ஒரு சந்தேகமும் இல்ல. அப்பகூட 80 டிரேட்ல எங்கயாவது தொடர்ந்து 5 தோல்வி வர பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு. 17.5 படி 5 தடவை அடி வாங்கினா 1 லட்சம் 38,200. கால் கெல்லில அதே அஞ்சு அடிக்கு 80,000 கைல நிக்கும். 38,200ல நிக்கறப்ப உங்களுக்கு எப்படித் தெரியும், சிஸ்டம் செத்துப் போச்சா இல்ல சாதாரண கெட்ட நேரமான்னு? ரெண்டும் வெளிய இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும். நிறுத்தினீங்கன்னா நல்ல சிஸ்டத்தை அடில விட்டுட்டு வந்த ஆளு, நிறுத்தலன்னா செத்ததுக்கு வைத்தியம் பாக்கற ஆளு.

சின்ன சின்ன பந்தயமா நிறைய வெக்கற கணக்குல ஒரு விஷயம் வரும், முழு கெல்லில என்னைக்காவது ஒரு நாள் ஆரம்பிச்ச பணம் பாதியா போறதுக்கு வாய்ப்பு ரெண்டுல ஒண்ணு. பாதி கெல்லில எட்டுல ஒண்ணு. கால் கெல்லில 128ல ஒண்ணு. இதெல்லாம் p-யும் b-யும் சரியா தெரிஞ்ச சொர்க்கத்துல. நான் 2008ல முழுசுக்கு மேலயே ஆடினவன், அப்ப எனக்கு கெல்லின்னு ஒருத்தர் இருந்ததே தெரியாது, கிருஷ்ணகிரி பழையபேட்டைல இருந்த மனையை வித்து அடைச்சேன். அதோட அந்தப் பேச்சு போதும்.

அப்புறம் ஸ்டாப் லாஸ். தக்காளிக்காரர் சொன்னதுக்கும் ஸ்டாப்புக்கும் சம்பந்தம் இல்லன்னு காளை நினைக்கறார். 2024 ஜூன் 4, எலக்ஷன் ரிசல்ட் அன்னைக்கு நிஃப்டி ஒரே நாள்ல கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்துச்சு, அரசு கம்பெனி ஷேர்லாம் அதைவிட பயங்கரம். அந்த மாதிரி நாள்ல 404ல ஸ்டாப் வெச்சிருக்கீங்க, ஷேர் 388லயே திறக்குதுன்னா உங்களுக்கு 8 ரூபா போகல, 24 ரூபா போகுது. மூணு மடங்கு. 17.5 போட்டிருந்தா ஒரே காலைல பாதி முதல் காலி, 52.5 சதவீதம். ஃபார்முலால தோல்வின்னா சரியா 1 மடங்குன்னு எழுதி வெச்சிருக்கு, மார்க்கெட் அதைப் படிக்கறதில்ல.

ஓசூர் நைட் ஷிப்ட்

அப்ப 1.2 மடங்குங்கறதை 3 மடங்கா மாத்தி டார்கெட் வெச்சா f ஏறிடுமே ணா, அதுக்கு எதுக்கு கால் கெல்லி?

பழைய டெர்மினல்

டார்கெட்டை தூரமா வெச்சா அங்க போய் தொடற தடவை குறையும் தம்பி, p இறங்கிடும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டினது.

மணி, b பத்தியும் ஒண்ணு கேக்கணும். அந்த 44 ஜெயிச்சதுல ரொம்பப் பெருசா ஒண்ணு ரெண்டு இருக்கா?

மாரண்டஹள்ளி மணி

இருக்கு ணா. ஒண்ணு 9 மடங்கு. மத்ததெல்லாம் ஒண்ணு, ஒண்ணரைக்குள்ளதான்.

பழைய டெர்மினல்

அப்ப அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டு திரும்ப போடுங்க. 43 ஜெயம், 36 தோல்வி, சராசரி 1.02 மடங்குதான் வரும். f = 9.7 சதவீதம். 80ல ஒரே ஒரு டிரேட் உங்க சைஸை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கி வெச்சிருக்கு. அது திரும்ப வரும்னு நம்பினா சேத்துக்கங்க, ஆனா ரொட்டீனுக்கு அந்த நம்பிக்கை கிடையாது, அது குடுத்த நம்பரை அப்படியே நம்பும், அதான் பயம். கைல போடற ஆளு 9 லட்சம்னு பாத்தா ஒரு நிமிஷம் முழிப்பான். தானா ஆர்டர் போகற மாதிரி வெச்சிருந்தா, ஃபியூச்சர்ஸ் அக்கவுண்டா இருந்தா, போயிருக்கும்.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

```python
def qty(capital, p, b, n, entry, stop,
        frac=0.25, cap=0.02):
    se = (p * (1 - p) / n) ** 0.5
    p_low = p - se
    f = p_low - (1 - p_low) / b
    if f <= 0 or entry == stop:
        return 0
    risk = min(f * frac, cap) * capital
    by_risk = risk / abs(entry - stop)
    by_cash = capital / entry
    return int(min(by_risk, by_cash))
```

உங்க நம்பரைப் போட்டா f 7.3, அதுல கால் 1.83 சதவீதம், ரிஸ்க் 1,825 ரூபா, 8 ஆல வகுத்தா 228 ஷேர். 412ஆல பெருக்கினா 93,936. 1 லட்சத்துக்குள்ள அடங்குது, ஆனா அடுத்த டிரேடுக்கு இடம் இல்லங்கறது வேற விஷயம். 388ல திறந்த அந்த கெட்ட காலைக்கும் 5,472 ரூபாதான் போகும்.

capital-ங்கற இடத்துல இன்னைக்கு இருக்கற பணம் வரணும், ஆரம்பிச்சப்ப போட்ட பணம் இல்ல. தோத்தா சைஸ் தானா சுருங்கறதுதான் இந்த ஃபார்முலாவோட உயிரே. நிறைய பேர் கோட்ல 100000னு எழுதிட்டு மறந்துடறாங்க.

மாரண்டஹள்ளி மணி

நானும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன் 🙈 மாத்திடறேன்.

காவேரிப்பட்டணம் கணக்கு டீச்சர்

சார், இதுல எனக்கு ஒரு ஆட்சேபணை. p-ல இருந்து ஸ்டாண்டர்ட் எரரை கழிச்சுட்டீங்க, அதுக்கப்பறம் காலும் போடறீங்க, அதுக்கு மேல 2 சதவீத உச்சவரம்பும். ஒரே பயத்துக்கு மூணு தடவை வரி கட்டற மாதிரி இருக்கு. p தெரியலங்கறதுக்கு ஏதாவது ஒண்ணு போதும். நான்னா கற்பனையா 100 டிரேட் சரிக்கு சரி, அதாவது 45.45 சதவீதம்னு சேத்து சராசரி எடுப்பேன். 180க்கு 49.7 சதவீதம் வருது, உங்க 49.4க்கு பக்கத்துலயே நிக்குது, f 7.8. அதுல பாதி போட்டா போதும். டிரேட் சேர சேர கற்பனை 100 தானா மங்கிடும், கால்ங்கற நம்பர் மங்காது, 500 டிரேட் ஆனாலும் காலாவே நிக்கும்.

பழைய டெர்மினல்

எரரை கழிக்கறது நமக்குத் தெரியாததுக்கு. கால் போடறது ஸ்டாப்பைத் தாண்டி திறக்கற காலைக்கும், 38,000ல நின்னு தூங்க முடியாத ராத்திரிக்கும். ரெண்டும் ஒண்ணு இல்ல டீச்சர். உங்க கற்பனை 100 ஏன் 100? ஏன் 300 இல்ல?

காவேரிப்பட்டணம் கணக்கு டீச்சர்

உங்க கால் ஏன் கால்? ஏன் மூணுல ஒண்ணு இல்ல? 🙂 தூக்கத்துக்குன்னு ஒத்துக்கிட்டா சரி, அது ஆளுக்கு ஆள் மாறும், கணக்குன்னு சொல்லாதீங்க.

ஊத்தங்கரை காளை

நான் பாதி வரைக்கும் ஒத்துக்கறேன். கால்லாம் பேங்க் எஃப்டி மாதிரி ஆயிடும்.

ராயக்கோட்டை தக்காளி

ஒரு சந்தேகங்க. ஒரே நேரத்துல மூணு ஷேர் வாங்கினா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா இந்த கணக்கா? ஏன்னா நான் மூணு ஏக்கரை மூணா பிரிச்சு நட்டிருந்தாலும் விலை ஒரே மண்டி விலைதானே, மூணும் சேந்துதான் விழும்.

பழைய டெர்மினல்

இந்த இழைலயே நல்ல கேள்வி உங்களுதுதான். மூணு அரசு வங்கி ஷேரை ஒரே வாரம் வாங்கினா அது உங்க மூணு ஏக்கர் தக்காளிதான், ஒரே டிரேடுன்னு வெச்சு மூணுக்கும் சேத்து ஒரு ரிஸ்க். மேல குடுத்த கோட் அதைப் பாக்காது, ஓப்பனா இருக்கற ரிஸ்க்கை கூட்டிக் கழிக்கற வரி மணி தனியா சேக்கணும்.

மாரண்டஹள்ளி மணி

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு டீச்சர் கணக்குலயும் அண்ணன் கணக்குலயும் ரெண்டு காலம் ஓட்டி, எது கம்மியோ அதை எடுக்கற மாதிரி வெச்சிருக்கேன்.

அந்த 9 மடங்கு டிரேடை லாக்ல தேடி எடுத்தேன். ஒரு அரசு கம்பெனி ஷேர், மே மாசம் வாங்கினது, வித்தது 2024 ஜூன் 3. எக்ஸிட் போல் பாத்து எல்லாம் ஏறின திங்கட்கிழமை. ரூல் படி அன்னைக்கு விக்கவே கூடாது, வெச்சிருக்கணும். அடுத்த நாள் ஒகேனக்கல்ல அக்கா பையனுக்கு மொட்டை, அங்க சிக்னல் கிடைக்காதுன்னு வித்துட்டு போனேன்.

காவேரிப்பட்டணம் கணக்கு டீச்சர்

அப்ப அதை லாக்ல இருந்து எடுத்துடுங்க. ரூல் படி வெச்சிருந்தா 4ம் தேதி எங்க ஸ்டாப் அடிச்சிருக்கும்னு பாத்து அந்த நம்பரை போடுங்க.

மாரண்டஹள்ளி மணி

போட்டுப் பாத்துட்டு ராத்திரி சொல்றேன் டீச்சர்.